செல்போன் பில்லில் ஒரு கடைக் கணக்கு

செல்போனில் ஒரு விளையாட்டுக்குள் 89 ரூபாய்க்கு எதையோ வாங்குகிறீர்கள். கார்டு எண் கேட்கவில்லை, யூபிஐ பின் கேட்கவில்லை. பட்டனை அழுத்திய இரண்டு மூன்று விநாடிகளில் வாங்கியது வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மாதம் முடிந்து வரும் போஸ்ட்பெய்டு பில்லில், மாத வாடகைக்குக் கீழே தனி வரியாக அந்த 89 ரூபாய் ஏறியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கேரியர் பில்லிங் என்று பெயர்.

சிம் கொடுத்த ஆபரேட்டர் கம்பெனி, 'இவருடைய கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு' என்று விற்பவரிடம் சொல்கிறது. பிறகு உங்களிடம் வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்கு அனுப்புகிறது. மளிகைக் கடையில் பற்று நோட்டில் எழுதிவைத்துச் சம்பளத்தன்று தீர்ப்பது போலத்தான். ஆனால் கடையில் நோட்டில் எழுதும்போது நீங்கள் அண்ணாச்சியின் எதிரே நிற்கிறீர்கள். இங்கே எதிரே யாரும் இல்லை. வாங்கியது நீங்கள்தான் என்று ஆபரேட்டருக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இதன் வசதியும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலேயே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காலர் ட்யூன் அப்படி ஒன்று. நண்பருக்குப் போன் போட்டால் இளையராஜா பாட்டு கேட்கும். ஸ்டார் பட்டனை அழுத்தினால் அதே பாட்டு உங்கள் எண்ணுக்கும் வந்துவிடும். மாதாமாதம் 30 ரூபாய் போல மெயின் பேலன்ஸிலிருந்து கழியும். ஒரு பட்டனைத் தொட்டதே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜப்பானில் என்.டி.டி. டொகோமோ 1999-இல் தொடங்கிய ஐ-மோட் சேவை இந்த யோசனையைப் பெரிய வியாபாரமாக்கியது. செய்தி, ரயில் நேரம், விளையாட்டு என்று செல்போனில் வாங்கிய எல்லாவற்றையும் டொகோமோ தன் பில்லிலேயே சேர்த்து வசூலித்தது. தனக்கு 9 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விற்றவர்களுக்குக் கொடுத்தது. பின்னால் வந்த பல ஆபரேட்டர்கள் இவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்மார்ட்போன் காலத்தில் இது கூகுள் ப்ளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் போன்ற கடைகளுக்குள் வந்தது. இந்தியாவில் கூகுள் ப்ளேயில் இதை முதலில் கொண்டுவந்தது ஐடியா செல்லுலார், 2016-இல். ஏர்டெல்லும் வோடஃபோனும் அடுத்து வந்தன. கூகுள் ப்ளேயில் இது எப்படி நடக்கிறது என்று முழுவதுமாகப் பார்த்துவிட்டால் மற்ற இடங்களில் நடப்பதும் எளிதில் விளங்கும்.

பணம் செலுத்தும் முறைகளில் உங்கள் ஆபரேட்டரின் பெயர் ஒரு தேர்வாக வந்திருக்கும். அதைச் சேர்க்கும்போது போன் உங்களுக்குத் தெரியாமல் பின்னணியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. சில போன்களில் அனுப்பிய செய்திகளின் பட்டியலில் அது தெரிந்துவிடும். `DCB Association` என்று தொடங்கி, அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்து நீளும். இதைப் பார்த்து, போனில் வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அது வைரஸ் இல்லை. 'இந்தக் கூகுள் கணக்கு இருக்கும் போனில்தான் இந்த சிம் இருக்கிறது' என்பதற்கான சாட்சி அது.

ஒரு எஸ்எம்எஸ் எப்படிச் சாட்சியாகும்? உங்கள் எண்ணை யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியில் தட்டச்சு செய்யலாம். ஆனால் உங்கள் எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் புறப்பட வேண்டுமென்றால் உங்கள் சிம் அந்தப் போனில் இருந்தாக வேண்டும். சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி பதிந்திருக்கிறது. டவரோடு சேரும்போது அதை வைத்துத்தான் ஆபரேட்டர் உங்களை அடையாளம் காண்கிறது. எனவே அந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை அனுப்புபவர் சொல்ல வேண்டியதில்லை, நெட்வொர்க்குக்கே தெரியும். எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் சங்கேதம், கூகுள் உங்கள் கணக்குக்காக உருவாக்கிய சங்கேதத்தோடு பொருந்தினால் கணக்கும் எண்ணும் இணைக்கப்படுகின்றன. கார்டில் நீங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து உங்களை நிரூபிக்கிறீர்கள். இங்கே உங்களுக்காக சிம் நிரூபித்துவிடுகிறது.

இனி அந்த 89 ரூபாய். நீங்கள் பட்டனை அழுத்தியதும், கூகுளிலிருந்து ஆபரேட்டருக்கு ஒரு கேள்வி போகிறது. பல நேரம் இது நேராகப் போவதில்லை. உலகில் நூற்றுக்கணக்கான ஆபரேட்டர்கள், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமான பில்லிங் கணினி. எல்லோரோடும் தனித்தனியாகப் பேசுவது கடைக்காரருக்கு முடியாத வேலை. அதற்கென்றே போக்கு, பேங்கோ போன்ற இடைநிலைக் கம்பெனிகள் இருக்கின்றன. எஸ்தோனியாவில் பிறந்த ஃபோர்ட்டுமோவும் அப்படி ஒன்று. அதை 2020-இல் போக்கு வாங்கிவிட்டது. இவர்கள் ஒரு பக்கம் கடைகளோடும் மறுபக்கம் ஆபரேட்டர்களோடும் இணைப்பு வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறார்கள்.

கேள்வி வந்ததும் ஆபரேட்டரின் கணினி சிலவற்றைப் பார்க்கிறது. இணைப்பு இயங்குகிறதா, பழைய பில் பாக்கி இருக்கிறதா, இந்த மாதம் இதுவரை எவ்வளவு வாங்கியிருக்கிறார், உச்ச வரம்பைத் தாண்டுமா என்பவை முக்கியமானவை. புதிதாக எடுத்த இணைப்புக்குச் சில ஆபரேட்டர்கள் இந்த வசதியையே தருவதில்லை. வரம்பை ஆபரேட்டரே தீர்மானிக்கலாம், சட்டமும் தீர்மானிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் போன் பில் வழியாக டிஜிட்டல் பொருள்களை விற்க வங்கிகளைப் போன்ற அனுமதி தேவையில்லை என்ற சலுகை, ஒரு வாங்கலுக்கு 50 யூரோ, ஒரு மாதத்துக்கு மொத்தம் 300 யூரோ வரைதான். எல்லாம் சரியென்றால் 'ஆம்' என்ற பதில் வரும். அந்த ஒரு சொல்லை நம்பி கூகுள் பொருளைக் கொடுத்துவிடுகிறது. பணம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒரு எண் இருக்கும். இரு தரப்பும் தங்கள் ஏடுகளை அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்களை வைத்துத்தான். 'ஆம்' என்ற பதில் வழியில் தொலைந்துபோவது உண்டு. அப்போது ஆபரேட்டரின் ஏட்டில் 89 ரூபாய் எழுதப்பட்டிருக்கும், கடையில் 'தோல்வி' என்று வந்திருக்கும். ஒப்பிடும்போது அது தெரியவந்து திருத்தப்பட வேண்டும். நீங்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். கூகுள் ப்ளேயில் நிஜமாக வாங்கிய எதற்கும் மின்னஞ்சலில் ரசீது வரும். அதில் `GPA.` என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். பில்லில் தொகை இருந்து, அதற்கு ஈடான ரசீது இல்லையென்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். கணக்கில் பிழை, அல்லது அதே போனில் இருக்கும் வேறொரு கூகுள் கணக்கில் பிள்ளைகள் வாங்கியது, அல்லது கடைக்கு வெளியே ஏதோ ஒரு வலைப்பக்கத்தில் விழுந்த சந்தா. மூன்றாவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ப்ரீபெய்டு பற்றிக் கொஞ்சம்.

ப்ரீபெய்டில் கடன் இல்லை. மெயின் பேலன்ஸில் இருக்கும் பணத்திலிருந்து உடனே கழிப்பார்கள். அன்லிமிடெட் பேக்குகள் வந்தபிறகு இந்தியாவில் பலருடைய மெயின் பேலன்ஸ் எப்போதும் பூஜ்யம். 28 நாள் பேக்குக்கு எவ்வளவு கட்டினாலும் அந்தப் பணம் அழைப்பும் டேட்டாவுமாக மாறிவிடுகிறது. எதையும் வாங்கப் பயன்படாது. மெயின் பேலன்ஸ் வேண்டுமென்றால் தனியாக டாப்-அப் போட வேண்டும். 100 ரூபாய்க்குப் போட்டால் 81.75 ரூபாய்தான் ஏறும். 18 சதவீத ஜிஎஸ்டிக்கு 15.25, பரிமாற்றக் கட்டணமாக 3 ரூபாய் போய்விடுகிறது. இந்த பேலன்ஸை வைத்து 79 ரூபாய்ச் சேவை ஒன்றை எடுத்தால், கையிலிருந்து உண்மையில் போனது ஏறக்குறைய 97 ரூபாய். இதே பொருளை யூபிஐ வழியாக வாங்கினால் 79 ரூபாய் மட்டும்.

இந்தியாவில் கேரியர் பில்லிங் பெரிதாக வளராததற்கு இது ஒரு காரணம். கூகுள் ப்ளேயில் அது வந்த 2016-ஆம் ஆண்டில்தான் யூபிஐயும் பிறந்தது. கார்டு இல்லாதவர்களுக்கான வழி என்பதுதான் கேரியர் பில்லிங்கின் பெரிய பலம். அந்த இடத்தை யூபிஐ எடுத்துக்கொண்டது. ரிசர்வ் வங்கியின் விதி இன்னொரு காரணம். ப்ரீபெய்டு டாக்டைமை வைத்து, செல்போனிலேயே பயன்படுத்தும் டிஜிட்டல் பொருள்களையும் மதிப்புக் கூட்டுச் சேவைகளையும்தான் வாங்கலாம். வேறு பொருள்களை வாங்கக் கூடாது என்று அது 2009-லேயே வரையறுத்துவிட்டது. டாக்டைமை வைத்துச் சட்டை வாங்க முடியாது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஆபரேட்டர் பில்லில் ஆப் வாங்குவது சாதாரணமான வழக்கம். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மாத பில்லிலும் இந்த வரியைப் பார்க்கலாம்.

இப்போது வலைப்பக்கச் சந்தாவுக்கு வருவோம். கூகுள் ப்ளே போன்ற கடைக்குள் நடப்பதில் குறைந்தது ஒரு பெரிய கம்பெனி நடுவில் இருக்கிறது. ரசீது வருகிறது, வாங்கும் முன் பாஸ்வேர்டு கேட்கும்படி நாம் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே பில்லிங் வசதி, ஜாதகம், வால்பேப்பர், கிரிக்கெட் ஸ்கோர், வீடியோ கிளிப் விற்கும் சிறு தளங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அங்கே எஸ்எம்எஸ் சாட்சிகூடத் தேவைப்படவில்லை.

மொபைல் டேட்டாவில் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உங்கள் கோரிக்கை ஆபரேட்டரின் கேட்வே வழியாகத்தான் போகிறது. எந்த சிம்முக்கு இப்போது எந்த இணைய முகவரி கொடுத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். ஒப்பந்தம் போட்ட தளங்களுக்குப் போகும் கோரிக்கையில், அந்த கேட்வே உங்கள் போன் எண்ணையோ அதற்கு ஈடான குறியீட்டையோ ஒரு கூடுதல் வரியாகச் செருகி அனுப்பும். `X-MSISDN` என்பது அந்த வரிக்கு வழக்கமாக வைக்கும் பெயர்களில் ஒன்று. நீங்கள் எண்ணைக் கொடுக்கவே இல்லை. ஆனால் பக்கம் திறந்தபோதே தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரிந்துவிட்டது. அதன்பிறகு 'சம்மதம்' என்ற ஒரு தட்டல் போதும், சந்தா தொடங்கிவிடும். வைஃபையில் இருந்தால் இது நடக்காது, ஏனென்றால் கோரிக்கை ஆபரேட்டரின் வழியாகப் போகவில்லை. அப்போது தளம் எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்பியாக வேண்டும். மொபைல் டேட்டாவில் மட்டும் கேள்வியே இல்லாமல் ஒரு பக்கம் 'சப்ஸ்கிரைப்' என்று காட்டினால், அங்கே கவனம் தேவை என்பதற்கு அதுவே அறிகுறி.

ஒரு தட்டல் எவ்வளவு எளிதில் தவறிப்போகும் என்பதை ஆஸ்திரேலியா நீதிமன்றத்தில் பார்த்தது. அந்நாட்டின் மிகப் பெரிய ஆபரேட்டரான டெல்ஸ்ட்ரா, 2013 முதல் 'பிரீமியம் டைரக்ட் பில்லிங்' என்ற பெயரில் இந்தச் சேவையை நடத்தியது. வாடிக்கையாளர் கேட்காமலேயே அவருடைய கணக்கில் இது இயக்கப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு தட்டல்களில், யார் என்ற சரிபார்ப்பு இல்லாமல், சந்தாக்கள் விழுந்தன. பிள்ளைகள் கையில் போன் இருந்தபோதும் விழுந்தன. புகார் சொன்னவர்களை, சேவையை விற்ற மூன்றாவது கம்பெனியிடம் போய்க் கேட்கும்படி அனுப்பினார்கள். நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. கேட்காமலேயே இயக்கப்பட்டிருந்ததை வாடிக்கையாளர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று டெல்ஸ்ட்ரா ஒப்புக்கொண்டது. 2018-இல் ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. 27 லட்சத்துக்கும் அதிகமான எண்களுக்கு இந்தச் சேவைகள் பில் செய்யப்பட்டிருந்தன; கமிஷனாக டெல்ஸ்ட்ராவுக்குக் கிடைத்த நிகர வருமானம் 6.17 கோடி டாலர். அடுத்த ஆண்டு இன்னொரு ஆபரேட்டரான ஆப்டஸுக்கும் அதே தொகை அபராதம் விழுந்தது.

கமிஷன்தான் இந்தக் கதையின் கரு என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் 2014-இல் டி-மொபைல் மீது ஃபெடரல் வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டபோது, இப்படிப்பட்ட சந்தாக்களில் ஆபரேட்டர் 35 முதல் 40 சதவீதம் வரை எடுத்துக்கொண்டதாகக் குற்றம்சாட்டியது. பெரும்பாலும் மாதம் 9.99 டாலர் சந்தாக்கள், ராசிபலனும் சினிமாக் கிசுகிசுவும் எஸ்எம்எஸ்ஸில் வரும் வகை. பல பக்கங்கள் நீளும் பில்லில் இவை பொதுவான ஒரு தலைப்புக்குள் மறைந்திருந்தன. ப்ரீபெய்டுக்காரர்களுக்குப் பில்லே கிடையாது. அந்த ஆண்டு முடிவதற்குள் டி-மொபைல் குறைந்தது 9 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆபரேட்டருக்குப் பெரிய பங்கு கேட்க நியாயம் கொஞ்சம் உண்டு. பில் கட்டாமல் போகிறவர்களின் நஷ்டத்தை அது சுமக்கலாம், வசூல் செலவும் அதனுடையது. ஆனால் தவறாக விழும் ஒவ்வொரு சந்தாவிலும் அதற்குப் பங்கு கிடைக்கும்போது, கதவை இறுக்கிப் பூட்டும் அவசரம் வராது. வெளியிலிருந்து யாராவது பூட்டச் சொல்ல வேண்டும்.

தட்டலைக்கூட மனிதர் செய்யத் தேவையில்லை என்ற நிலையும் வந்துவிட்டது. 'ஜோக்கர்' என்று அழைக்கப்படும் ஆண்ட்ராய்டு தீநிரல் சாதாரணமான வால்பேப்பர் ஆப், மெசேஜ் ஆப் வேடத்தில் வரும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சுமார் 1,700 ஆப்களை நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. இந்த வகை நிரல்கள் வேலை செய்யும் விதம், மேலே சொன்ன பாதையைத் தலைகீழாகப் பின்பற்றுவதுதான். போன் வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாற்றும். சந்தாப் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் திறக்கும். பட்டனைத் தானே அழுத்தும். ஓடிபி வந்தால் எஸ்எம்எஸ்ஸைப் படித்து நிரப்பும், அறிவிப்பையும் மறைத்துவிடும். ஒரு வால்பேப்பர் ஆப் எஸ்எம்எஸ் படிக்கவோ அறிவிப்புகளைப் பார்க்கவோ அனுமதி கேட்டால் அதைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இந்தியாவில் வெளியிலிருந்து பூட்டச் சொன்னது டிராய். 2011-இலும், பிறகு இன்னும் கடுமையாக 2013 ஜூலையிலும் அது போட்ட உத்தரவுகளின் சாரம், சம்மதத்தை இரண்டு முறை வாங்க வேண்டும் என்பது. முதல் சம்மதம் சேவையை விற்பவரிடம். இரண்டாவதை, விற்பவரின் கையில் இல்லாத தனி கேட்வே ஒன்று, விலையையும் எத்தனை நாளுக்கு என்பதையும் சொல்லிக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டும் இல்லாமல் சேவை தொடங்கக் கூடாது. சேவையை நிறுத்த எல்லா ஆபரேட்டருக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண் வந்தது. அந்த எண்ணுக்குப் போன் செய்தாலோ `STOP` என்று எஸ்எம்எஸ் அனுப்பினாலோ, உங்கள் எண்ணில் ஓடும் சேவைகளைக் காட்டி நிறுத்த வழி செய்வார்கள். சேவை தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தைத் திரும்பத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதனால் நீங்கள் கேட்காத 'சேவை தொடங்கியது' எஸ்எம்எஸ் வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல் அன்றே 155223-க்கு அழையுங்கள்.

பில்லைப் படிக்கும்போது முதல் பக்கத்தின் மொத்தத் தொகையோடு நிறுத்தாமல், வாடகை, வரி ஆகியவற்றுக்கு வெளியே இருக்கும் தலைப்புகளைப் பாருங்கள். மதிப்புக் கூட்டுச் சேவை, மூன்றாம் தரப்புச் சேவை, டிஜிட்டல் வாங்கல் என்ற பெயர்களில் அது இருக்கலாம். கடையின் பெயர் இருந்தால் ரசீதோடு ஒப்பிடலாம். கடையின் பெயர் இல்லாமல் புரியாத கம்பெனிப் பெயர் மட்டும் இருந்து, அதே தொகை ஒவ்வொரு வாரமோ மாதமோ திரும்ப வந்தால் அது சந்தா. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, ஏனென்றால் அது எழுதப்பட்டிருப்பது ஆபரேட்டரின் ஏட்டில். கூகுள் ப்ளேயில் எடுத்ததென்றால் அங்கே சந்தாப் பக்கத்தில் போய் ரத்து செய்ய வேண்டும். மற்றவை 155223 வழியாக. கூகுள் வழியாக வாங்கியதற்குப் பணம் திரும்பக் கிடைப்பதென்றாலும் போஸ்ட்பெய்டில் உடனே கைக்கு வராது. அடுத்த ஒன்றிரண்டு பில்களில் கழிவாகத்தான் வரும். அதுவரை பில்லை முழுதாகக் கட்டிவிடுவது நல்லது, பாக்கி வைத்தால் இணைப்பு துண்டிக்கப்படலாம்.

பிள்ளைகளின் கையில் போன் போகும் வீடுகளில், ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வைத்துவிடுங்கள். கைரேகையில் பிள்ளையின் விரலும் பதிவாகியிருந்தால் அந்தப் பூட்டு பயன்படாது. ஆபரேட்டரிடம் சொல்லி மதிப்புக் கூட்டுச் சேவைகளையே அடைக்கச் சொல்வது அதைவிட உறுதியானது.

எண்ணை வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யும்போதும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய ஆபரேட்டரின் பில்லில் ஓடிய ப்ளே ஸ்டோர் சந்தாக்களுக்கு இனி பணம் எடுக்க வழி இருக்காது. வேறு பணம் செலுத்தும் முறையைச் சேர்க்காவிட்டால் அவை நின்றுபோகும். கடைசி நாள்களில் வாங்கியவை பழைய கம்பெனியின் கடைசி பில்லில் வந்து சேரும். சிம் மாறிவிட்டதே என்று அந்த பில்லைக் கட்டாமல் விட்டால், பழைய கம்பெனி புகார் கொடுத்து, புதிய கம்பெனியில் இருக்கும் எண்ணையே நிறுத்திவைக்க விதியில் இடமிருக்கிறது.